லாரி ஆபீசுக்கு எழுதும் எடைத் தகராறுக் கடிதம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதிதாக மெத்தைக் கடை போட்ட ஒரு தம்பி, லாரி ஆபீசுக்கு எழுதிய கடிதத்தை என்னிடம் காட்டினார். “எங்கள் மூட்டையைச் சின்னப் பையன்கூட ஒற்றைக் கையால் தூக்கிவிடுவான். அதற்குப் போய் அதிக எடைக் கட்டணமா?” என்று ஆரம்பித்திருந்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பல வருடங்களுக்கு முன்னால் நான் எழுதிய கடிதத்திலும் ஏறக்குறைய இதே வரிதான் இருந்தது. பில் எண்ணை விடாதீர்கள், தேதி போடுங்கள் என்பதையெல்லாம் யாரும் சொல்லிவிடுவார்கள். நான் வேறு சிலவற்றைச் சொல்கிறேன்.

## சரக்கு லேசு என்பதையே வாதமாக வைப்பது

என்னைப் பெரிதாக நஷ்டப்படுத்திய தவறு இதுதான். இன்று நினைத்தாலும் எரிச்சல் வருகிறது. ஸ்பாஞ்ச் துண்டு மூட்டைகளுக்கு வந்த பில்லை எதிர்த்து இரண்டு பக்கம் எழுதினேன். மூட்டைக்கு மூட்டை நிறுத்துப் பட்டியல்கூடப் போட்டேன். பதில் இரண்டே வரி: “சரக்கு லேசு என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அதனால்தான் அளந்து போட்டோம்.”

லாரிக்கு இரண்டு கொள்ளளவு உண்டு. எத்தனை டன் தாங்கும் என்பது ஒன்று, உள்ளே எவ்வளவு இடம் என்பது இன்னொன்று. இரும்பு ஏற்றினால் இடம் மிச்சமிருக்கும்போதே எடை முடிந்துவிடும். ஸ்பாஞ்ச் ஏற்றினால் எடை பாக்கி இருக்கும்போதே இடம் முடிந்துவிடும். அடைத்துக்கொண்ட இடத்துக்குக் காசு வாங்குவதற்காக, மூட்டையின் நீள, அகல, உயரத்தைப் பெருக்கிக் கனமீட்டர் கண்டு, அதை ஒரு எண்ணால் பெருக்கிக் கிலோவாக்குகிறார்கள். அந்த எண் ஆளுக்கு ஆள் மாறும். சாலைப் போக்குவரத்தில் ஒரு கனமீட்டருக்கு 250 கிலோ, 333 கிலோ என்றெல்லாம் வைப்பதுண்டு. விமான சரக்கில் வழக்கமாக 167 கிலோ. இந்தக் கணக்கு எடை, தராசு எடை இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் பில்.

இதைப் ‘பருமன் எடை’ என்று தனியாகப் போட்டிருந்தால் குழப்பமே இல்லை. பில்லில் இருப்பது ஒரே கட்டம். கிளார்க் ‘அதிக எடை’ என்று எழுதிவிடுகிறார். நாமும் தராசை நினைத்துக்கொண்டு பாய்கிறோம். நாம் எவ்வளவு லேசு என்று நிரூபிக்கிறோமோ, அவ்வளவுக்கு அவர்கள் கட்சி பலமாகிறது.

எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? பில்லில் உள்ள எடையை மூட்டை எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள். தம்பிக்கு வந்தது 40 மூட்டை, பில்லில் 3,000 கிலோ. மூட்டைக்குச் சரியாக 75 கிலோ! நிஜமாக நிறுத்த சரக்கு இப்படி அச்சடித்தாற்போல வராது. பில்லோடு எடை மேடைச் சீட்டும் இல்லை. ஒரு மூட்டையை டேப்பால் அளந்தோம். நீளம் 100 சென்டிமீட்டர், அகலம் 60, வயிறு புடைத்த இடத்தில் உயரம் 50. அதாவது 0.3 கனமீட்டர். நாற்பதுக்கும் சேர்த்து 12 கனமீட்டர். 250-ஆல் பெருக்கினால் 3,000. கணக்கு பிடிபட்டுவிட்டது. தராசில் ஒவ்வொன்றும் 9 கிலோ, மொத்தம் 360 கிலோதான். ஆனால் இந்தச் சண்டையில் அந்த 360-க்கு வேலையே இல்லை.

சரி, அப்படியானால் பணத்தைக் கட்டிவிட வேண்டியதுதானா? இல்லை. முதலில் புக்கிங்போது போட்ட உடன்பாட்டையும் லாரி ரசீதின் பின்பக்கத்தையும் படியுங்கள். பருமன் கணக்கு என்று எங்கும் இல்லாமல் கிலோவுக்கு இவ்வளவு என்று மட்டும் இருந்தால், அந்த ஒரு வரியைக் காட்டிக் கடிதத்தை முடித்துவிடலாம். அந்த இடத்தில் மட்டும் உங்கள் 360 கிலோ பேசும். பருமன் கணக்கு இருந்தால், அளந்த விதத்தைக் கேள்வி கேளுங்கள்.

மூட்டை பெட்டி இல்லை. தனியாகத் தரையில் கிடக்கும்போது உருண்டு புடைத்திருக்கும். அடுக்கினால் ஒன்றையொன்று அமுக்கி இடுக்குகளை நிரப்பிக்கொள்ளும். தம்பியின் நாற்பது மூட்டையையும் குடோனில் லாரியில் அடுக்குகிற மாதிரியே அடுக்கி, லாரி ஆபீஸ் ஆளையும் வைத்துக்கொண்டு அளந்தோம். 2.2 மீட்டர் அகலம், 1.8 மீட்டர் நீளம், 2 மீட்டர் உயரம். மொத்தம் 7.92 கனமீட்டர், அதாவது 1,980 கிலோ. பில்லைவிட 1,020 கிலோ குறைவு. ஒவ்வொரு மூட்டையையும் புடைத்த இடத்தில்தான் அளப்போம் என்று உடன்பாட்டிலேயே எழுதியிருந்தால் இந்த வாதம் நிற்காது. தம்பியின் ரசீதில் அப்படி எதுவும் இல்லை.

பழைய கடிதத்தைக் கிழித்துவிட்டு இப்படி எழுதச் சொன்னேன்:

“40 மூட்டைக்கு 3,000 கிலோ என்று பில் வந்துள்ளது. இது நிறுத்த எடையா, கன அளவில் கணக்கிட்ட எடையா என்று தெரிவிக்கவும். நிறுத்தது என்றால் எடைச் சீட்டின் நகல் தேவை. கணக்கிட்டது என்றால், எடுத்த அளவுகள், கனமீட்டருக்கு வைத்த கிலோ, அதற்கான உடன்பாடு ஆகிய மூன்றும் தேவை. உங்கள் ஊழியர் முன்னிலையில் அடுக்கி அளந்ததில் 7.92 கனமீட்டர் வந்தது. அதன்படி 1,980 கிலோவுக்கு உரிய தொகையை இத்துடன் செலுத்துகிறோம். மீதி 1,020 கிலோவுக்கான தொகையை ஆட்சேபிக்கிறோம்.”

பையனும் இல்லை, ஒற்றைக் கையும் இல்லை. பில் திருத்தி வந்தது.

## எடை மேடைச் சீட்டைப் பார்த்ததும் அடங்கிப்போவது

சில சமயம் நிஜமாகவே சீட்டு இருக்கும். அப்போது அது எதை நிறுத்த சீட்டு என்று பாருங்கள். எடை மேடை நிறுப்பது முழு லாரியை. பலருடைய சரக்கு ஏறிய வண்டியில் கூடுதல் எடை யாருடையது என்று அந்தச் சீட்டுக்குத் தெரியாது. உங்கள் சரக்கு மட்டும் ஏறிய வண்டியாக இருந்தாலும், காலி எடை எப்போது எடுத்தது என்று கேளுங்கள். காலியாக நிறுத்தபின் 200 லிட்டர் டீசல் போட்டிருந்தால், அதுவே ஏறக்குறைய 170 கிலோ. டன் கணக்கில் ஏற்றுகிறவருக்கு அது தூசு. 360 கிலோ ஏற்றியவருக்குப் பாதிச் சரக்கு.

மழைக்காலத்தில் இன்னொன்று. தார்ப்பாய் ஒழுகி ஸ்பாஞ்ச் தண்ணீர் குடித்திருந்தால் மூட்டை நிஜமாகவே கனக்கும். அப்போது எடை பொய் என்று எழுதாதீர்கள். ஏற்றும்போது இருந்த எடையைக் காட்டி, நனைந்தது யார் பொறுப்பு என்று கேளுங்கள்.

## ஓவர்லோடு அபராதத்தோடு குழப்பிக்கொள்வது

வண்டி அளவுக்கு மீறி ஏற்றியதற்கு வழியில் கட்டிய அபராதத்தைச் சரக்குக்காரர் தலையில் கட்டுவதும் உண்டு. அது வேறு வழக்கு. அபராத ரசீதைக் கேளுங்கள்.

## மூட்டைகளை விற்றபின் எழுதுவது

அளக்க என்ன இருக்கும்?

## முழு பில்லையும் நிறுத்தி வைப்பது

ஒப்புக்கொண்ட பகுதியைக் கட்டிவிடுங்கள். பாக்கி இருந்தால் சரக்கைப் பிடித்து வைக்கலாம் என்று பல ரசீதுகளில் அச்சடித்திருக்கும், அடுத்த லோடு அங்கேயே நின்றுவிடும்.

## டெலிவரியில் சும்மா கையெழுத்துப் போடுவது

‘எடைக்கு ஆட்சேபத்துடன் பெற்றேன்’ என்று எழுதிவிட்டுப் போடுங்கள். டிரைவர் அவசரப்படுத்துவார். படுத்தட்டும்.