ஒரே ஒரு இயந்திரத்தில் தொலையும் நேரம்: சிறு தொழிற்கூடத்தில் அதைக் கண்டறியும் முறை

ஒரு தொழிற்கூடத்தில் உலோகத் துண்டு வெட்டப்பட்டு, துளையிடப்பட்டு, பிசிறு நீக்கப்பட்டு, வண்ணம் பூசப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம்.

முதலில், நெரிசல் எங்கே என்று பாருங்கள். தொடர்ந்து மூன்று நாள்கள், ஒரே நேரத்தில், ஒவ்வொரு இயந்திரத்தின் முன்னும் காத்திருக்கும் துண்டுகளை எண்ணுங்கள். ஆள் வராத நாளிலும் குவியல் சேரும் என்பதால் ஒரு நாள் கணக்கை நம்ப வேண்டாம். பின்னர் ஒவ்வொரு நிலையிலும் பத்துத் துண்டுகளுக்கான நேரத்தை அளந்து சராசரி காணுங்கள். வெட்ட 40 விநாடி, துளையிட 75, பிசிறு நீக்க 50, வண்ணம் பூச 45 என்று வந்தால், துளையிடும் இயந்திரமே நெரிசல். பலர் இந்த இடத்தில் வெட்டும் வேலையை வேகப்படுத்திவிடுகிறார்கள். அதனால் குவியல்தான் உயரும், அனுப்பும் சரக்கு ஒன்றுகூட அதிகரிக்காது.

இடைவேளை போக ஏழு மணி நேரம், அதாவது 25,200 விநாடி, வேலை நடந்தால் 336 முறை துளையிடலாம். ஆனால் நாள் முடிவில் நல்ல துண்டுகள் ஏறக்குறைய 209 மட்டுமே தேறுகின்றன. மீதி எங்கே போயிற்று?

அதை அறிய, ஐந்து நாள்களில் முன்கூட்டித் தீர்மானிக்காத வேளைகளில் 200 முறை அந்த இயந்திரத்தை எட்டிப் பார்த்து, ஓடுகிறதா, நிற்கிறதா, நின்றால் ஏன் என்று மட்டும் குறியுங்கள். ஆளைக் கண்காணிப்பதற்காக அல்ல என்று இயக்குபவரிடம் முன்னரே சொல்லிவிடுவது மிக அவசியம். இல்லாவிட்டால் நீங்கள் வரும்போதெல்லாம் இயந்திரம் ஓடிக்கொண்டே இருக்கும். 60 முறை நின்றிருந்தால் 30 சதவீதம்; இது தோராயமே, உண்மை அளவு 24 முதல் 36 வரை இருக்கலாம். ஆக, 336 முறை என்பது 235 ஆகிறது. அதிலும் ஒன்பதில் ஒன்று, ஆழம் குறைந்ததால் திரும்பி வந்த துண்டுக்கான மறுவேலை. 235இல் ஒன்பதில் எட்டுப் பங்கு 209, கணக்கு பொருந்துகிறது. பொருந்தாவிட்டால் எங்கோ ஒரு காரணத்தைக் குறிக்கத் தவறியிருக்கிறீர்கள்.

இனி அந்த 60 குறிப்புகளைப் பிரியுங்கள். 34 முறை, மழுங்கிய ட்ரில் பிட்டைச் சாணை பிடிக்க இயக்குபவர் எழுந்து போயிருக்கிறார். மறுவேலைக்கும் வேர் இதுவே: சாணை பிடித்த பிட் சற்றுக் குட்டையாகிவிடுகிறது, ஆழத்தைக் கட்டுப்படுத்தும் தடுப்பை மாற்றி அமைக்காவிட்டால் அடுத்த துளைகள் ஆழம் குறைகின்றன.

ஆகவே, கூர் தீட்டிய பிட்டுகளை வேலை தொடங்கும் முன்பே இயந்திரத்தருகே வையுங்கள். பிட் மாற்றியதும் தடுப்பைச் சரிசெய்து, முதல் துளையின் ஆழத்தை அளந்த பிறகே அடுத்த துண்டை எடுக்கச் சொல்லுங்கள். அந்த 34 நிறுத்தங்களும் நீங்கினால் இயந்திரம் 87 சதவீத நேரம் ஓடி, மறுவேலை குறையாவிட்டாலும் ஏறக்குறைய 260 நல்ல துண்டுகள் கிடைக்கும். பிட் மாற்றும் சில நிமிடங்கள் எஞ்சுவதால் நடைமுறையில் சற்றுக் குறையும். இரண்டு வாரம் கழித்து மீண்டும் குவியல்களை எண்ணுங்கள். துளையிடும் இயந்திரத்தின் முன்னிருந்த குவியல் கரைந்து வேறோர் இடத்தில் சேர்ந்திருந்தால், அடுத்த அளவீட்டை அங்கே தொடங்க வேண்டும்.