எழுதாத ஷரத்தை நம்பி வாதாடும்போது செய்யக் கூடாத தவறுகள்

ஒப்பந்தத்தில் இல்லாத ஒரு ஷரத்தை, அது எழுதப்பட்டிருந்ததாகவே வைத்து நீதிமன்றம் சில சமயம் தீர்ப்பளிக்கும். இதற்கு உட்கிடை ஷரத்து என்று பெயர். இங்கிலாந்தின் பொதுச் சட்ட மரபில் இது மூன்று வழிகளில் வரும். அந்தக் குறிப்பிட்ட ஒப்பந்தத்தின் வாசகம், சூழல் ஆகியவற்றிலிருந்து பிறந்தால் சங்கதி வழி. வாடகை, வேலை, சரக்கு விற்பனை என்று ஒரு வகை ஒப்பந்தம் முழுவதற்கும் சட்டமே சேர்த்தால் சட்ட வழி. ஒரு தொழிலில் ஊறிய பழக்கத்திலிருந்து வந்தால் வழக்க வழி. மூன்றில் சங்கதி வழியில்தான் அதிகம் பேர் தோற்கிறார்கள். தோற்பதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான்: கேட்பது நியாயமாக இருந்தால் போதும் என்று நினைத்துவிடுகிறார்கள்.

அந்த நினைப்பு எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு, மார்க்ஸ் அண்ட் ஸ்பென்சர் நிறுவனத்துக்கும் அதன் கட்டட உரிமையாளரான பிஎன்பி பரிபாவுக்கும் நடந்த வழக்கைவிட நல்ல உதாரணம் இல்லை. 2015-ல் இங்கிலாந்து உச்ச நீதிமன்றம் அதில் தீர்ப்பளித்தது.

லண்டனில் ஓர் அலுவலகக் கட்டடத்தில் அந்த நிறுவனம் வாடகைக்கு இருந்தது. காலாண்டு வாடகையை முன்கூட்டியே கட்ட வேண்டும். குத்தகை 2018 வரை ஓடும். ஆனாலும் ஆறு மாத நோட்டீஸ் கொடுத்து 2012 ஜனவரி 24-ல் முடித்துக்கொள்ள வாடகைதாரருக்கு உரிமை இருந்தது. அதற்கு இரண்டு நிபந்தனைகள்: வாடகை பாக்கி இருக்கக் கூடாது, விலகும் கட்டணமாக 9,19,800 பவுண்டு கட்ட வேண்டும். நோட்டீஸ் முறையாகப் போனது. டிசம்பர் 25-ல் தொடங்கி மார்ச் 24-ல் முடியும் காலாண்டின் வாடகை சுமார் 3,09,000 பவுண்டு. பாக்கி விழுந்தால் விலகும் உரிமையே போய்விடும் என்பதால் அதை முழுவதும் கட்டினார்கள். விலகும் கட்டணத்தை ஜனவரியில்தான் கட்டினார்கள். 24-ம் தேதி குத்தகை முடிந்தது.

அந்தக் காலாண்டுக்கு 91 நாள். குத்தகை முடிந்த பிறகு எஞ்சியது 60 நாள். இடம் கையில் இல்லாத அந்த 60 நாளுக்கான பணம், நாள் கணக்கில் பார்த்தால் 2 லட்சம் பவுண்டுக்கும் மேல் வரும். அதைத் திருப்பித் தர வேண்டும் என்ற ஷரத்து குத்தகையில் உள்ளடங்கியிருக்கிறது என்பது வாதம். யாரிடம் சொன்னாலும் “நியாயம்தானே” என்பார்கள். முதல் நீதிமன்றமும் அப்படியே தீர்ப்பளித்தது. மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றியது. உச்ச நீதிமன்றமும் மார்க்ஸ் அண்ட் ஸ்பென்சருக்குச் சல்லிக்காசு இல்லை என்றது.

காரணங்கள் இரண்டு. முன்கூட்டிக் கட்டும் வாடகையை நாள் கணக்கில் பிரிக்க முடியாது என்பது 100 ஆண்டுக்கு மேலாக நிலைத்திருந்த சட்டம். அதைத் தெரிந்துகொண்டுதான் இரு தரப்பு வக்கீல்களும் குத்தகையை எழுதியிருக்கிறார்கள். அதோடு, அந்தக் குத்தகை மிக விரிவானது. விலகும்போது யார் யாருக்கு என்ன கொடுக்க வேண்டும் என்பதையெல்லாம் அதுவே பேசுகிறது. அவ்வளவும் எழுதியவர்கள் இதை மட்டும் எழுதவில்லை என்றால், மறந்துவிட்டார்கள் என்று நீதிமன்றம் எடுத்துக்கொள்ளாது. திருப்பிக் கொடுக்கும் ஷரத்து இல்லாமலே அந்தக் குத்தகை ஒழுங்காக வேலை செய்தது. வாடகைதாரருக்குக் கசந்தது என்பது வேறு விஷயம்.

பலர் கவனிக்காத ஒரு நுணுக்கமும் அந்தத் தீர்ப்பில் இருக்கிறது. விலகும் கட்டணத்தை டிசம்பர் 25-க்கு முன்பே கட்டியிருந்தால், குத்தகை ஜனவரி 24-ல் முடிவது அன்றே உறுதியாகியிருக்கும். அப்போது அந்தத் தேதி வரைக்கான வாடகையை மட்டும் கட்டினாலே போதும் என்று உச்ச நீதிமன்றத் தலைவர் நியூபெர்கர் பிரபு விளக்கினார். ஆக, எழுதியிருந்த ஷரத்துகளுக்குள்ளேயே வழி இருந்தது. எந்தப் பணத்தை முதலில் கட்டுவது என்ற வரிசையில்தான் அது கைநழுவியது. எழுதாத ஷரத்தைத் தேடுவதற்கு முன் எழுதியதைத் தேதிவாரியாக ஒரு தாளில் போட்டுப் பாருங்கள் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

சோதனை எதைக் கேட்கிறது?

சங்கதி வழிக்கான சோதனைகளை 1977-ல், காமன்வெல்த் நாடுகள் சிலவற்றின் மேல்முறையீடுகளை லண்டனில் விசாரிக்கும் பிரிவி கவுன்சில் ஐந்தாகத் தொகுத்தது. ஷரத்து நியாயமானதாக இருக்க வேண்டும். ஒப்பந்தத்துக்கு வணிகப் பயனுறுதி தர, அதாவது வணிக நோக்கில் அது வேலை செய்ய, அவசியமானதாக இருக்க வேண்டும். சொல்லவே தேவையில்லை எனும் அளவுக்கு வெளிப்படையாக இருக்க வேண்டும். தெளிவாக எழுதக் கூடியதாக இருக்க வேண்டும். எழுதிய ஷரத்தோடு மோதக் கூடாது. 2015 தீர்ப்பு இதில் இரண்டு இடங்களைச் சீராக்கியது. மற்றவை நிறைவேறினால் நியாயத்தைத் தனியாகப் பார்க்க வேண்டி வருவது அரிது. அவசியம், வெளிப்படை இரண்டில் ஒன்று நிறைவேறினால் போதும். ஆனால் நடைமுறையில் ஒன்று மட்டும் நிறைவேறுவது அபூர்வம்.

‘அவசியம்’ என்பதையும் சரியான அளவில் எடுத்துக்கொள்ள வேண்டும். அந்த ஷரத்து இல்லாவிட்டால் ஒப்பந்தம் அடியோடு செத்துப்போகும் என்று காட்டத் தேவையில்லை. அது இல்லாமல் ஒப்பந்தம் வணிக ரீதியாகவோ நடைமுறையிலோ பொருளற்றுப் போகும் என்று காட்டினால் போதும். ‘இருந்திருந்தால் நன்றாக இருக்கும்’ என்பது இந்த அளவைத் தொடவே தொடாது. இன்னொன்று: பார்க்க வேண்டியது கையெழுத்திட்ட நாள். பின்னால் வந்த சிக்கலை வைத்துக்கொண்டு, ‘அன்றே இதைச் சேர்த்திருப்போம்’ என்று சொல்வது செல்லாது.

வெளிப்படைச் சோதனையில், பேச்சுவார்த்தையின்போது ஒரு மூன்றாம் ஆள் வலிய வந்து குறுக்கே கேள்வி கேட்பதாகக் கற்பனை செய்வார்கள். இருவரும் சலிப்போடு “அதைச் சொல்லவும் வேண்டுமா?” என்று ஒரே குரலில் பதில் சொல்ல வேண்டும். அந்தக் கேள்வியைத் தங்களுக்குச் சாதகமாக வளைத்து எழுதுவதுதான் இங்கே வழக்கமான பிழை. “இடம் காலியானபின் வாடகை வாங்குவது தகுமா?” என்று கேட்டால் பதில் எளிது. “விலகும் கட்டணத்தைத் தாமதமாகக் கட்டியதால் முழுக் காலாண்டு வாடகையும் போயிருந்தாலும், ஒரு பகுதியை உரிமையாளர் திருப்பித் தர வேண்டுமா?” என்று நேர்மையாகக் கேளுங்கள். உரிமையாளர் யோசிக்க ஆரம்பித்துவிடுவார். அவர் யோசித்தாலே சோதனை தோற்றது.

பெரிதாகக் கேட்பது

வணிகப் பயனுறுதிச் சோதனைக்கு வித்திட்டது 1889-ன் ‘மூர்காக்’ வழக்கு. அது ஒரு கப்பலின் பெயர். தேம்ஸ் நதியில் ஒரு தனியார் துறைமேடையில் சரக்கு இறக்க ஒப்பந்தம். தண்ணீர் வற்றும்போது கப்பல் தரைதட்டும் என்பது இரு தரப்புக்கும் தெரியும். தரைதட்டியபோது அடியில் இருந்த கடினமான மேட்டில் உட்கார்ந்து கப்பல் சேதமானது. நதிப் படுகையோ துறைமேடைக்காரர்களின் சொத்து அல்ல. நதிப் பாதுகாப்பு அமைப்பின் வசம் இருந்தது.

கப்பல்காரர் ஜெயித்தார். ஆனால் நீதிமன்றம் சேர்த்த ஷரத்து எவ்வளவு சிறியது என்று பாருங்கள். ‘படுகை பாதுகாப்பாக இருக்கும்’ என்ற உத்தரவாதத்தை அது சேர்க்கவில்லை. தங்கள் கையில் இல்லாத படுகைக்குத் துறைமேடைக்காரர்கள் அப்படி வாக்குக் கொடுத்திருக்க மாட்டார்கள். படுகை கப்பலுக்கு ஏற்றதா என்று தகுந்த அக்கறையோடு தெரிந்துகொள்ள வேண்டும், இல்லையென்றால் எச்சரிக்க வேண்டும், அவ்வளவுதான். எதிர்த்தரப்பு அன்று மறுக்க முடியாத மிகக் குறைந்த கடமை எதுவோ, அதைக் கேட்டால் கிடைக்க வாய்ப்பு உண்டு. முழு உத்தரவாதம் கேட்பவர் அந்தக் குறைந்தபட்சத்தையும் சேர்த்து இழக்கக் கூடும்.

கதவு மாறித் தட்டுவது

சங்கதி வழியில் இடமில்லாத ஷரத்து, சட்ட வழியில் கிடைக்கலாம். லிவர்பூல் நகர மன்றம் ஒரு 15 மாடிக் குடியிருப்பை வாடகைக்கு விட்டிருந்தது. வாடகைப் பத்திரத்தில் வாடகைதாரரின் கடமைகள் மட்டுமே இருந்தன. மாடிப்படி, லிஃப்ட் பராமரிப்பு பற்றி ஒரு வரி இல்லை. 1976-ல், அன்று நாட்டின் உச்ச மேல்முறையீட்டு மன்றமாக இருந்த பிரபுக்கள் சபை, இவ்வகை வாடகை உறவிலேயே அந்தக் கடமை அடங்கியிருக்கிறது என்றது. இங்கே கேள்வி ‘இந்த இருவர் என்ன நினைத்தார்கள்’ என்பதல்ல, ‘இந்த வகை உறவுக்கு எது அவசியம்’ என்பது. ஆனால் கடமையின் அளவு தகுந்த அக்கறை மட்டுமே. நாசவேலையால் லிஃப்ட் அடிக்கடி நின்றும், மன்றம் அந்தக் கடமையை மீறவில்லை என்று முடிவானது. கதவு திறந்தாலும், உள்ளே கிடைப்பதன் அளவைத் தனியாகப் பார்க்க வேண்டும்.

வழக்க வழியில் தவறு வேறு மாதிரி. ‘எங்கள் தொழிலில் எல்லோரும் இப்படித்தான்’ என்று நாலு பேர் சாட்சி சொன்னால் அது வழக்கமாகிவிடாது. அது உறுதியானதாக, தொழிலில் பரவலாகத் தெரிந்ததாக, நியாயமானதாக இருக்க வேண்டும். சலுகையாகச் செய்து வந்ததும் கணக்கில் வராது. கட்டுப்பட்டே ஆக வேண்டும் என்ற எண்ணத்தோடு செய்ததாக இருக்க வேண்டும். இத்தனையும் நிரூபித்தாலும், எழுதிய ஷரத்தோடு மோதினால் வழக்கம் விழும். 1919-ல் ஒரு கப்பல் தரகர், வாடகை ஒப்பந்தம் கையெழுத்தானதுமே 3 சதவீதத் தரகு உண்டு என்று எழுதியிருந்ததை வைத்துக் கேட்டார். கப்பலை அரசு கையகப்படுத்தியதால் வாடகையே வரவில்லை. வாடகை வந்தால்தான் தரகு என்பது தொழில் வழக்கம் என்றார்கள் கப்பல் உரிமையாளர்கள். எழுத்தே ஜெயித்தது, தரகர் பணம் வாங்கினார்.

‘இந்த ஆவணமே முழு ஒப்பந்தம்’ என்ற ஷரத்தை எழுதிவிட்டு நிம்மதியாக இருப்பதும் தவறு. வெளியிலிருந்து வரும் வழக்கத்தைத் தடுக்க அது உதவலாம். ஆனால் வணிகப் பயனுறுதியால் பிறக்கும் ஷரத்து ஆவணத்துக்குள்ளேயே இருப்பதாகக் கருதப்படுவதால், அந்தப் பொதுவான வரி அதைத் தடுப்பதில்லை. ஒரு கடமை வேண்டாம் என்றால் அதன் பெயரைச் சொல்லியே எழுத வேண்டும்: ‘முன்கூட்டிக் கட்டிய வாடகையின் எந்தப் பகுதியும் திருப்பித் தரப்படாது’ என்று. வாடகைதாரரின் பக்கம் இருப்பவர் எழுத வேண்டியதும் ஒரே வரிதான்: ‘முடிவுத் தேதிக்குப் பிந்தைய நாட்களுக்கான வாடகையை 14 நாளில் உரிமையாளர் திருப்பித் தர வேண்டும்.’