சுற்றுக்காலக் கணக்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு செயற்கைக்கோள் 400 கி.மீ. உயரத்தில் வட்டப் பாதையில் சுற்றுகிறது. ஒரு சுற்றுக்கு 92.4 நிமிடம். அதை 800 கி.மீ. உயரத்துக்கு மாற்றினால் புதிய சுற்றுக்காலம் என்ன? சுற்றுக்காலம் T, பாதையின் ஆரம் r-இன் ³⁄₂ அடுக்குக்கு ஏற்ப மாறும் என்பது கெப்ளரின் மூன்றாம் விதி. அது தெரிந்தவர்கள்கூட இதில் சறுக்குகிறார்கள்.

பெரும்பாலும் நடப்பது இதுதான். உயரம் இரு மடங்கு ஆகிவிட்டது என்று 2-ஐ ³⁄₂ அடுக்குக்கு உயர்த்தி, 2.83 ஆல் பெருக்கி, 261 நிமிடம் என்று எழுதிவிடுவார்கள். ஆனால் விதியில் வரும் r தரையிலிருந்து அளக்கும் உயரம் இல்லை, பூமியின் மையத்திலிருந்து உள்ள தூரம். பூமியின் ஆரம் 6371 கி.மீ.; அதைக் கூட்டினால் பழைய ஆரம் 6771, புதியது 7171. விகிதம் வெறும் 1.059. பூமியின் அளவோடு பார்த்தால் 400 கி.மீ. ஏற்றம் ரொம்பச் சின்னது. 261 நிமிடம் வர வேண்டுமென்றால் செயற்கைக்கோள் ஏறக்குறைய 7170 கி.மீ. உயரத்துக்குப் போக வேண்டும்.

சரி, விகிதம் கிடைத்துவிட்டது. இனி அடுக்கு.

T₂ = T₁ × (r₂/r₁)^(3/2)
T₂ = 92.4 × (1.059)^(3/2) = 92.4 × 1.09 ≈ 100.7 நிமிடம்

இங்கே ³⁄₂-க்குப் பதில் ⅔ போட்டால் 96 நிமிடம் வரும். அடுக்கே போடாமல் விட்டால் 97.9. இரண்டும் நம்பும்படியாகவே இருப்பதால் விடையை மட்டும் பார்த்துத் தவறைப் பிடிக்க முடியாது. அதனால் காரணத்தோடு நினைவில் வைப்பது நல்லது. ஆரம் கூடினால் பாதையின் நீளம் கூடுகிறது. கூடவே வேகமும் குறைகிறது. இந்தக் கணக்கில் நொடிக்கு 7.67 கி.மீ. ஆக இருந்த வேகம் 7.46 ஆகிறது. நீண்ட பாதை, குறைந்த வேகம் இரண்டும் சேருவதால் சுற்றுக்காலம் ஆரத்தைவிட வேகமாகக் கூடியே தீரும். ஆரம் 5.9 சதவீதம் கூடியதற்குக் காலம் 9 சதவீதம் கூடியிருக்கிறது. உங்கள் விடையில் காலத்தின் விகிதம் ஆரத்தின் விகிதத்தைவிடச் சிறியதாக இருந்தால் அடுக்கு தலைகீழாகிவிட்டது என்று அர்த்தம். இரண்டும் சமமாக இருந்தால் அடுக்கையே மறந்திருக்கிறீர்கள்.

செயற்கைக்கோளின் நிறையை எங்கே போடுவது என்று தேட வேண்டாம், அது கணக்கில் அடிபட்டுப் போய்விடும். ஆனால் மையத்தில் இருக்கும் கோள் மாறக் கூடாது. பூமியைச் சுற்றும் செயற்கைக்கோளையும் செவ்வாயைச் சுற்றும் செயற்கைக்கோளையும் இந்த விகிதத்தில் சேர்க்கவே முடியாது.

இன்னொன்று, பாதை மாறும் இடைப்பட்ட நேரம். அப்போது பாதை நீள்வட்டம், அதனால் r இருக்கும் இடத்தில் அரை நெட்டச்சை, அதாவது நீள்வட்டத்தின் நீண்ட விட்டத்தில் பாதியைப் போட வேண்டும். அது இரண்டு ஆரங்களின் சராசரி, 6971 கி.மீ. அதற்கான முழுச் சுற்று 96.5 நிமிடம். கீழிருந்து மேலே போக அதில் பாதிதான் தேவை, அதாவது சுமார் 48 நிமிடம்.