உங்கள் ஃபிட்னஸ் பேண்ட் எப்படி பேரிங் ஆகிறது? நீங்களே திறந்து பார்க்கும் வழி

அம்மாவுக்கு 1,200 ரூபாயில் ஒரு பேண்ட் வாங்கிக் கொடுத்தேன். கடையில் விற்பனையாளர் போனில் இணைக்கும்போது எந்த எண்ணும் கேட்கவில்லை, Pair என்பதைத் தொட்டதும் இணைந்துவிட்டது. எண் கேட்காமல் இணைகிறது என்றால் நடுவில் என்ன பேசிக்கொள்கின்றன என்று பார்க்க உட்கார்ந்தேன். அதே வேலையை உங்கள் சொந்த பேண்டில் நீங்களும் செய்யலாம். ஆண்ட்ராய்டு போன் இரண்டும், போனிலிருந்து பதிவை எடுக்கும் adb, அதைப் பிரித்துக் காட்டும் Wireshark உள்ள ஒரு கணினியும் போதும். ஐபோன் இதற்கு உதவாது, அது பேண்டின் உண்மையான ப்ளூடூத் முகவரியைக் காட்டாது.

படி 1: முகவரி மாறுகிறதா?

பேண்டோடு இணைந்திருக்கும் போனில் ப்ளூடூத்தை அணையுங்கள். இணைப்பு விட்டதும் பேண்ட் "நான் இங்கே இருக்கிறேன்" என்று ஓயாமல் ஒலிபரப்ப ஆரம்பிக்கும். இரண்டாவது போனில் nRF Connect செயலியைத் திறந்து ஸ்கேன் செய்து, பேண்டின் பெயருக்குக் கீழே இருக்கும் முகவரியையும் மணியையும் குறித்து வையுங்கள். அரை மணி நேரம் கழித்து மறுபடி பாருங்கள். நடுவில் பேண்டை அணைத்துப் போடக் கூடாது, சில வகை முகவரிகள் அப்போது மட்டும் மாறும், நமக்குத் தவறான நிம்மதி வந்துவிடும்.

ஒழுங்காகச் செய்யப்பட்ட கருவி சுமார் 15 நிமிடத்துக்கு ஒருமுறை முகவரியை மாற்றிக்கொள்ளும். அம்மாவின் பேண்ட் மறுநாள் காலையிலும் அதே முகவரியில்தான் இருந்தது. அதாவது ஒரு கடை வாசலிலும் ஒரு பேருந்து நிலையத்திலும் யாராவது ஸ்கேனர் வைத்திருந்தால், இரண்டு இடத்துக்கும் வந்தது ஒரே ஆள்தான் என்று தெரிந்துவிடும். முகவரி மாறினாலும் பெயரைக் கவனியுங்கள், சில பேண்டுகள் முகவரியின் கடைசி நான்கு இலக்கத்தைப் பெயரிலேயே ஒட்டி வைத்திருக்கும்.

படி 2: பேரிங்கைப் பதிவு செய்வது

பேண்டை இணைக்கும் போனில் Developer options போய் Enable Bluetooth HCI snoop log என்பதை இயக்குங்கள். ப்ளூடூத்தை ஒருமுறை அணைத்துப் போட்டு, பழைய பேரிங்கை நீக்கிவிட்டு, புதிதாக இணையுங்கள். அப்புறம் போனைக் கணினியில் செருகி:

```
adb bugreport band.zip
```

அந்த zip-க்குள் btsnoop_hci.log என்ற கோப்பைத் தேடி (இருக்கும் இடம் போனுக்குப் போன் மாறும்) Wireshark-இல் திறந்து, மேலே வடிகட்டியில் `btsmp` என்று அடியுங்கள். மிஞ்சும் சில வரிகளில் Pairing Response என்பதுதான் பேண்ட் தன்னைப் பற்றிச் சொல்லும் வாக்குமூலம். அம்மாவின் பேண்ட் சொன்னது இது:

```
02 03 00 01 10 00 01
```

இரண்டாவது பைட் 03: "என்னிடம் திரையும் இல்லை, பொத்தானும் இல்லை." மணி காட்டும் திரை இருக்கிறது, ஆறு இலக்க எண்ணைத் தாராளமாகக் காட்டலாம், ஆனால் செய்தவர்கள் அந்த வேலையை மிச்சம் பிடித்துவிட்டார்கள். எண் சரிபார்க்க வழியில்லாததால் போன், எதையும் கேட்காமல் இணைக்கும் ஜஸ்ட் ஒர்க்ஸ் முறைக்கு இறங்கிவிடுகிறது.

நான்காவது பைட்தான் முக்கியம். 01 என்றால் பேச்சைப் பூட்டும் சாவியைச் சேமித்து வைத்துக்கொள்ளும், அவ்வளவுதான். அது 09 என்றோ 0d என்றோ இருந்திருந்தால் 2014 டிசம்பரில் ப்ளூடூத் 4.2-இல் வந்த செக்யூர் கனெக்‌ஷன்ஸ் முறை இருக்கிறது என்று அர்த்தம், போனும் அதை ஆதரித்தால் Pairing Public Key என்ற வரிகள் தொடர்ந்து வரும். இங்கே வரவில்லை, Pairing Confirm என்று பழைய முறையில் போனது.

பழைய முறையில் என்ன கோளாறு? அதில் தொடக்க ரகசியம் ஒரு தற்காலிக எண். ஜஸ்ட் ஒர்க்ஸில் அந்த எண் எப்போதும் பூஜ்ஜியம். ஆறு இலக்க எண் கேட்டிருந்தாலும் மொத்தம் பத்து லட்சம் வாய்ப்புகள்தான், சாதாரண லேப்டாப்பே நொடிக்குள் முயன்று முடித்துவிடும். 2013-இல் மைக் ரயன் வெளியிட்ட crackle என்ற கருவி இதைத்தான் செய்கிறது. பேரிங் நடக்கும் சில விநாடிகளை முழுதாகப் பிடித்தவர், அப்போது கைமாறும் நிரந்தரச் சாவியையும் எடுத்துவிடுவார், அதை வைத்துப் பின்னால் ஒட்டுக்கேட்கும் இணைப்புகளையும் படிக்கலாம். புதிய முறையில் ஒட்டுக்கேட்டு மட்டும் சாவியை எடுக்க முடியாது. ஆனால் அதிலும் ஜஸ்ட் ஒர்க்ஸ் என்றால், நடுவில் ஒருவர் புகுந்து இரண்டு பக்கமும் ஏமாற்றுவதைத் தடுக்க எதுவும் இல்லை.

கடைசி பைட் 01-ஐயும் பாருங்கள். அதில் அந்த நிரந்தரச் சாவியை மட்டும் தருவதாகச் சொல்கிறது, மாறும் முகவரியை அடையாளம் காணத் தேவையான இன்னொரு சாவியைத் தரவில்லை. முதல் படியில் முகவரி மாறாமல் இருந்ததோடு இது பொருந்துகிறது.

படி 3: இனி என்ன செய்வது?

இந்தக் குறைகளை அமைப்புகளில் போய்ச் சரிசெய்ய முடியாது. அம்மாவின் பேண்டை நீக்கிவிட்டு வீட்டில் வைத்து மறுபடி இணைத்தேன், கடையில் விற்பனையாளர் இணைத்துக் கொடுத்தது அதோடு போனது. வெளியே இருக்கும்போது திடீரென்று மறுபடி பேரிங் கேட்டால் ஒப்புக்கொள்ளாதே என்று சொல்லியிருக்கிறேன், பழைய சாவி இல்லாதவர் புதிதாகப் பேரிங் நடக்க வைத்து அதைப் பிடிக்கப் பார்க்கலாம். போனில் ப்ளூடூத்தை எப்போதும் இயக்கியே வைக்கச் சொன்னேன். போனோடு இணைந்திருக்கும்போது அம்மாவின் பேண்ட் ஒலிபரப்பை நிறுத்திவிடுகிறது, இரண்டாவது போனில் ஸ்கேன் செய்து உறுதிசெய்துகொண்டேன். எல்லா பேண்டும் அப்படி நிறுத்தாது, உங்களுடையதையும் ஒருமுறை ஸ்கேன் செய்து பார்த்துவிடுங்கள்.