மெல்பர்னில் குளிர்காலம் ஜூன் 1-ஆம் தேதி: புதிதாக வருபவர்களுக்கு ஒரு பருவகால வழிகாட்டி

மெல்பர்னுக்கு மே மாதக் கடைசியில் வந்து இறங்குபவர்கள், ஜூன் 1 அன்று காலைச் செய்தியில் "இன்று குளிர்காலம் தொடங்குகிறது" என்று கேட்பார்கள். மூன்று வாரம் கழித்து டொரொன்டோவிலிருந்து அக்கா பேசுவார்: இன்றுதான் எங்களுக்குக் கோடையின் முதல் நாள் என்பார். அங்கே கோடை, இங்கே குளிர் என்பது ஒரு வேறுபாடு. அங்கே 21-ஆம் தேதி, இங்கே 1-ஆம் தேதி என்பது இன்னொன்று. இரண்டுக்கும் காரணம் தனித்தனி. சேர்த்துப் பார்த்தால்தான் குழப்பம்.

முதலில் தலைகீழான பருவத்தைப் பார்ப்போம். பூமியின் அச்சு சுமார் 23.4 பாகை சாய்ந்திருக்கிறது. டிசம்பரில் தென் அரைக்கோளம் சூரியனை நோக்கிச் சாய்ந்திருக்கும், ஜூனில் வட அரைக்கோளம். சூரியனுக்கு அருகில் போவதால்தான் கோடை வருகிறது என்று நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். உண்மையில் பூமி சூரியனுக்கு மிக அருகில் வருவது ஜனவரி முதல் வாரத்தில். அப்போது சென்னையில் பனி, மெல்பர்னில் வெயில். தூரம்தான் காரணம் என்றால் இரு இடங்களிலும் ஒரே பருவம் அல்லவா இருக்க வேண்டும்?

இந்தச் சாய்வை மெல்பர்னில் கண்ணாலேயே பார்க்கலாம். நண்பகலில் சூரியன் இங்கே வடக்கே நிற்கும். அதைப் பார்த்து நின்றால் வலமிருந்து இடமாக நகரும். டிசம்பர் 22 வாக்கில் நண்பகல் சூரியனின் உயரம் அடிவானிலிருந்து சுமார் 76 பாகை, பகல் ஏறத்தாழ 14¾ மணி நேரம். ஜூன் 21 வாக்கில் உயரம் 29 பாகைக்குச் சரிந்துவிடும், பகலும் 9½ மணி நேரமாகச் சுருங்கிவிடும். வாடகைக்கு வீடு பார்க்கும்போது இதை நினைவில் வையுங்கள். வாஸ்துப்படி கிழக்கு வாசல் தேடுவது உங்கள் விருப்பம். ஆனால் கூடத்தின் பெரிய ஜன்னல் வடக்குப் பார்த்திருந்தால், தாழ்ந்த குளிர்கால வெயில் அறைக்குள் நெடுந்தூரம் வந்து விழும். கோடையில் சூரியன் உயரத்தில் இருப்பதால் கூரையின் நீட்டமே நண்பகல் வெயிலை மறைத்துவிடும். தெற்குப் பார்த்த கூடத்தில் ஜூலை முழுவதும் ஹீட்டர் ஓடும்.

இனி தேதிக்கு வருவோம். வானியல் முறையில் பருவத்தைத் தொடங்கிவைப்பது சூரியன். மிகக் குறுகிய பகல் அன்று குளிர்காலமும், மிக நீண்ட பகல் அன்று கோடையும், பகலும் இரவும் ஏறக்குறையச் சமமாகும் இரு நாட்களில் மற்ற இரண்டு பருவங்களும் தொடங்கும். இது ஒரு கணத்தைக் குறிப்பது என்பதால் தேதி நழுவும். 2025 டிசம்பரில் அந்தக் கணம் சென்னையில் 21-ஆம் தேதி இரவு 8.33-க்கு வந்தது. மெல்பர்ன் கடிகாரத்தில் அப்போது 22-ஆம் தேதி அதிகாலை 2.03. பருவங்களின் நீளமும் ஒன்றாக இராது. பூமியின் பாதை நீள்வட்டம், ஜனவரியில் சூரியனுக்கு அருகில் இருக்கும்போது வேகமாக ஓடுகிறது. அதனால் இங்கே வானியல் கோடை சுமார் 89 நாளில் முடிந்துவிடும், குளிர்காலம் 93 நாளைத் தாண்டும்.

வானிலைக்காரர்களுக்கு இது தொந்தரவு. அவர்களுடைய கணக்குகள் மாத வாரியாக இருக்கின்றன. இந்த ஆண்டுக் கோடையை 50 ஆண்டுகளுக்கு முந்தைய கோடையோடு ஒப்பிட வேண்டுமானால் எல்லை அசையாமல் இருக்க வேண்டும். ஆகவே முழு மாதங்கள் மூன்றை ஒரு பருவமாகக் கட்டினார்கள். ஆஸ்திரேலியாவில் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை கோடை, மார்ச் முதல் மே வரை இலையுதிர்காலம், ஜூன் முதல் ஆகஸ்ட் வரை குளிர்காலம், செப்டம்பர் முதல் நவம்பர் வரை வசந்தம். நாட்டின் வானிலை ஆய்வு மையம் இதைத்தான் பின்பற்றுகிறது, மக்களும் இதையே சொல்கிறார்கள். கனடாவில் பொதுப் பேச்சில் வானியல் தேதிதான் நிலைத்திருக்கிறது. நமக்கு இது புதிதும் அல்ல. கார், கூதிர், முன்பனி என்று பழந்தமிழர் ஆண்டை இரண்டிரண்டு முழு மாதங்களாகத்தானே பிரித்தார்கள்.

இது வெறும் கணக்கு வசதி என்றும் சொல்லிவிட முடியாது. மெல்பர்ன் நகரின் நீண்டகாலச் சராசரிப் பகல் உச்ச வெப்பநிலையைப் பாருங்கள்: ஜூனில் 14.1 பாகை, ஜூலையில் 13.5, ஆகஸ்டில் 15.0, செப்டம்பரில் 17.3. வானியல் முறைப்படி ஜூனின் முதல் 20 நாள் இலையுதிர்காலம், செப்டம்பரின் முதல் மூன்று வாரம் குளிர்காலம். ஸ்வெட்டர் போடுகிற உடம்பு இதை ஒப்புக்கொள்ளாது. கோடையில் மட்டும் தீர்ப்பு இவ்வளவு தெளிவாக இல்லை. டிசம்பர் 24.2, மார்ச் 23.9. நூலிழையில்தான் டிசம்பர் வெல்கிறது. ஏனென்றால் நிலமும் கடலும் மெதுவாகச் சூடேறி மெதுவாக ஆறுகின்றன. உச்சி வெயில் 12 மணிக்கு, புழுக்கம் 2 மணிக்கு என்பது போல, வெயிலின் உச்சம் டிசம்பரில், வெப்பத்தின் உச்சம் ஜனவரி, பிப்ரவரியில். மார்ச் தொடங்கியதும் கோடைத் துணிகளை மூட்டை கட்டிவிடாதீர்கள்.

ஆகவே வெளிச்சத்தைப் பற்றிய கேள்விக்குச் சூரியனின் தேதி, வெப்பத்தைப் பற்றிய கேள்விக்கு மாதத்தின் தேதி. கூரையில் சூரிய மின்தகடு போட்டிருந்தால் அதன் விளைச்சல் மிகவும் குறைவது ஜூன் 21-ஐ ஒட்டிய வாரங்களில். ஆனால் அறையைச் சூடாக்கும் செலவு ஜூலையில்தான் உச்சத்துக்குப் போகும். இரண்டுக்கும் சேராத மூன்றாவது தேதி ஒன்றும் உண்டு. விக்டோரியா மாநிலத்தில் கடிகாரத்தை அக்டோபர் முதல் ஞாயிறன்று ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி, ஏப்ரல் முதல் ஞாயிறன்று பழையபடி வைப்பார்கள். அது சட்டத்தின் தேதி.

நம் பண்டிகைகளும் இங்கே இடம் மாறிவிடும். தீபாவளி வசந்தத்தில் வரும், சித்திரை முதல் நாள் இலையுதிர்காலத்தின் நடுவில். பொங்கல் விழுவது கோடையின் உச்சத்தில், 40 பாகையைத் தொடக்கூடிய வாரங்களில். வீட்டுத் தோட்டத்தில் விறகு மூட்டிப் பொங்கல் வைக்க நினைப்பவர்கள் முந்தைய நாளே தீயணைப்புத் துறையின் அறிவிப்பைப் பார்த்துவிட வேண்டும். முழுத் தீத்தடை நாளில் வெளியே விறகடுப்பு மூட்டுவது குற்றம். அன்று சமையலறை அடுப்பிலேயே பால் பொங்கட்டும்.

ஆஸ்திரேலியா முழுவதும் இந்த நான்கு பருவம் பொருந்தும் என்றும் எண்ண வேண்டாம். டார்வினில் மழைக்காலம், வறண்ட காலம் என்ற இரண்டுதான் வாழ்க்கையை நடத்துகின்றன. பெர்த் பகுதியின் பூர்வகுடிகளான நூங்கார் மக்கள் நம்மைப் போலவே ஆறு பருவம் வகுத்திருக்கிறார்கள்.

கடைசியாக, வெளிநாட்டு நிறுவனங்களின் அறிவிப்புகள். அமெரிக்கப் பல்கலைக்கழகம் "கோடை வகுப்பு" என்றால் அது உங்கள் குளிர்காலத்தில் நடக்கும். விமான நிறுவனங்களின் கோடை அட்டவணை உலகம் முழுவதற்கும் மார்ச் கடைசி ஞாயிறன்று தொடங்கி அக்டோபர் கடைசி ஞாயிறுக்கு முந்தைய சனிக்கிழமை வரை நீளும், மெல்பர்னிலிருந்து புறப்படும் விமானத்துக்கும் அதே பெயர்தான். ஊருக்கு டிக்கெட் எடுக்கும்போது பருவத்தின் பெயரை விட்டுவிட்டு மாதத்தையும் தேதியையும் சொல்லிக் கேளுங்கள்.