தேர்வு இரவில் தூக்கம் வந்தால் சிகரெட் வேண்டாம், 20 நிமிடத் தூக்கம் போதும்

சிகரெட் இழுத்ததும் சில நொடிகளில் நிகோட்டின் மூளைக்குப் போய்விடும், தூக்கம் கலைந்த மாதிரி இருக்கும். ஆனால் சுமார் 2 மணி நேரத்தில் ரத்தத்தில் அதன் அளவு பாதியாகிவிடும். அப்போது எரிச்சலும் கவனச்சிதறலும் வரும். பழகியவர்கள் அதைப் பாடத்தின் டென்ஷன் என்று நினைத்து அடுத்ததைப் பற்ற வைக்கிறார்கள். விடியற்காலையில் படுத்தாலும் ஆழ்ந்த தூக்கம் வராது. படித்தது மனதில் பதிவதே அந்தத் தூக்கத்தில்தான்.

காலை 10 மணிக்குத் தேர்வு என்று வைத்துக்கொள்வோம். கடைசி டீயை மாலை 5 மணிக்குள் குடித்துவிடுங்கள். இரவு 9 மணிக்குக் கண் சொக்கினால் அலாரம் வைத்து 20 நிமிடம் படுங்கள். அரை மணியைத் தாண்டினால் ஆழ்ந்த தூக்கத்துக்குள் போய்விடுவீர்கள், எழுந்ததும் தலை கனக்கும். பிறகு முகம் கழுவி, ஹாஸ்டல் வராந்தாவில் 5 நிமிடம் நடந்துவிட்டு உட்காருங்கள். ஒரே வரியை மூன்றாவது முறை படித்தும் ஏறவில்லையா? புத்தகத்தை மூடிவிடுங்கள். எப்படியும் 12.30-க்குப் படுத்து 6.30-க்கு எழுந்தால், மீதிப் பாடத்தைக் காலையில் திருப்பிப் பார்க்கலாம்.

ஏற்கெனவே சிகரெட்டுக்குப் பழகிவிட்டவர்கள் அதை விட்டுவிட 1800-11-2356 என்ற இலவச எண்ணில் ஆலோசனை பெறலாம்.