எந்த வேலைக்கு எந்த இடம்: எனக்குச் சரிப்பட்டது

நூலகத்தில் மூன்று மணி நேரம் உட்கார்ந்து படித்தும் ஒன்றும் மனதில் நிற்கவில்லை என்றால், பெரும்பாலும் கோளாறு இடத்தில் இல்லை, அங்கே செய்யும் வேலையில்தான். அங்கே வாய்விட்டுச் சொல்லிப் பார்க்க முடியாது. அதனால் மனப்பாடம் செய்வதாக நினைத்துப் படித்ததையே திரும்பப் படிப்போம். வரி பழகிப்போகும், தெரிந்த மாதிரி இருக்கும். புத்தகத்தை மூடிவிட்டு வெற்றுத்தாளில் எழுதினால் குட்டு வெளிப்படும்.

நான் வேலையைச் சத்தத்தை வைத்துப் பிரித்தேன். ஒளிச்சேர்க்கைப் பாடம் என்றால், முதல் வாசிப்பும் குறிப்பெடுப்பதும் நூலகத்தில். அதில் வரும் கால்வின் சுழற்சியைப் படிப்படியாகச் சொல்லிப் பார்ப்பது வீட்டில், கதவைச் சாத்திக்கொண்டு, 20 நிமிடத் தவணைகளாக. கைப்பேசி அடுத்த அறையில். கட்டில் பக்கமே போகக் கூடாது.

காலி வகுப்பறைக்கு இரண்டே வேலை. கரும்பலகையில் சுழற்சியைப் பார்க்காமல் வரைவது ஒன்று. எந்த அம்புக்குறியில் கை தயங்குகிறதோ அதுதான் மறுபடி படிக்க வேண்டிய இடம். இன்னொன்று, கடிகாரம் வைத்து முழு மாதிரித் தேர்வு எழுதுவது. நண்பர்கள் கூடிவிட்டால் மட்டும் அந்த வகுப்பறை அரட்டை மண்டபம். அன்று தேர்வை நூலகத்துக்கு மாற்றிவிடலாம், எழுதுவதற்குச் சத்தம் தேவையில்லையே.